விளம்பரம் எழுதக் கற்றோம்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒரு மாணவி)

வேலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி எம் பள்ளிக்கு நடந்து வருகையில் நாங்கள் நாள்தோறும் படிக்கும் முதற்பாடம் சுவரில்தான் இருக்கிறது. நகைக்கடை, துணிக்கடை, உரக்கடை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, மூட்டுவலி எண்ணெய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாள்கள். பத்து வருடங்களாக இவ்வழியே வருகிறோம். ஆயினும் இவற்றுள் ஒன்றையேனும் நாங்கள் "படித்தோம்" என்று சொல்ல முடியாது. அவை எங்களைப் பார்த்தன. நாங்கள் அவற்றைக் கடந்தோம். அவ்வளவே.

தமிழ்ப் பாடவேளையில் விளம்பரம் எழுதும் பயிற்சி வந்தபோது, இதுவும் எளிய மதிப்பெண்தானே என்று நினைத்தோம். மேலே ஓர் அழைப்பு, நடுவில் நான்கு புகழ்மொழிகள், கீழே கடை முகவரி, சுற்றிலும் ஒரு கட்டம். முடிந்தது! ஆனால் எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் அவர்கள் விடவில்லை. "பிள்ளைகளா, முதலில் ஒரு நல்ல விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம். அப்புறம் நீங்களே ஒரு பொருளைக் கற்பனை செய்து, அதற்கு ஒரு சுவரொட்டி எழுதுங்கள். பள்ளிக் கண்காட்சியில் வைப்போம்" என்றார்கள். அந்த இரண்டு வாரங்களில் நாங்கள் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

லலிதாஜியின் கணக்கு

சிஸ்டர் எங்களுக்குத் திரையில் காட்டியது 1980களில் தூர்தர்ஷனில் வந்த ஓர் இந்தி விளம்பரம். எங்கள் அன்னையர் சிறுமியராக இருந்த காலத்தது. சர்ஃப் சலவைத்தூளுக்காக லிண்டாஸ் நிறுவனத்தில் அலிக் பதம்ஸி என்பவர் உருவாக்கியது. அதில் லலிதாஜி என்ற இல்லத்தரசியாக நடித்தவர் கவிதா சௌத்ரி. வெள்ளைச் சேலையில் நீலக்கரை, கையில் பை, காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறார். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. "இவ்வளவு கணக்குப் பார்க்கும் நீங்கள் ஏன் விலை கூடிய தூளை வாங்குகிறீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் விடை சொல்கிறார். மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வேறுபாடு உண்டு என்கிறார். அரைக் கிலோ சர்ஃப், மலிவான தூள் ஒரு கிலோவுக்குச் சமம் என்கிறார். ஆகையால் இதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிக்கிறார்.

இந்த விளம்பரம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சிஸ்டர் முதலில் விளக்கினார்கள். குஜராத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் 1969ஆம் ஆண்டு தம் வீட்டிலேயே ஒரு சலவைத்தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து வீடுவீடாக விற்கத் தொடங்கினார். மகள் நிருபமாவின் பெயரையொட்டி அதற்கு நிர்மா என்று பெயரிட்டார். தொடக்க ஆண்டுகளில் அதன் விலை, சர்ஃப் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பரவிவிட்டது. விலையைக் குறைத்துப் போட்டியிட முடியாத சர்ஃப், விலையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றப் பார்த்தது. அதற்காகப் பிறந்தவர்தான் லலிதாஜி.

பிறகு விளம்பரத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்தோம்.

முதல் துண்டு, ஆள். ஊரார் அனைவரையும் நோக்கி அது பேசவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடும் பெண்மணியை மட்டும் நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது, சொல்பவர். அழகி சொன்னால் அந்தப் பெண்மணி நம்பமாட்டார். தன்னைப் போலவே பேரம் பேசுகிறவர் சொன்னால் நம்புவார். ஆகவேதான் அவர் முதலில் காய்கறிக் கடையில் நிற்கிறார். அந்தக் காட்சி தூளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்பவரை நம்பத்தக்கவராக ஆக்குகிறது. மூன்றாவது, காரணம். அரைக் கிலோ ஒரு கிலோவுக்குச் சமம் என்ற ஒரே ஒரு கணக்கு. நான்காவது, முடிவு. இதை வாங்குகிறவர் புத்திசாலி என்று சொல்வதால், வாங்காதவர் யார் என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் தானே எழுகிறது. புகழும் மொழி போலவே தோன்றும். உள்ளே ஒரு சிறு குத்து இருக்கும்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் லலிதாஜியின் கட்சியில் சேர்ந்திருப்போம். சிஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "அந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தீர்களா?" என்றார்கள். போட்டோம். அரைக் கிலோ ஒரு கிலோவுக்குச் சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சர்ஃபின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு வரை இருக்கலாம், இரண்டும் சமமாகிவிடும். மூன்று மடங்கு என்றால்? அப்போது அந்த உண்மையான கணக்கே லலிதாஜிக்கு எதிராகத் திரும்பும்! விளம்பரம் பொய் சொல்லவில்லை. அது சொன்ன எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொல்லாமல் விட்டது. விலை என்ன என்று அது வாய் திறக்கவே இல்லை.

லலிதாஜி புகழ்பெற்றார். ஆயினும் 1980களில் நிர்மா விற்பனையில் சர்ஃபை முந்தியது. முடிவில் அதே பெரிய நிறுவனம், வீல் என்ற மலிவான தூள் ஒன்றையும் சந்தைக்குக் கொண்டுவர நேர்ந்தது. கடைக்குச் சென்ற பெண்மணிகள் அடுத்த எண்ணையும் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

எங்கள் பொருள்

அடுத்து எங்கள் முறை. எதைக் கண்டுபிடிப்பது? பறக்கும் மிதிவண்டி, தானே எழுதும் பேனா என்றெல்லாம் சொன்னோம். சிஸ்டர் ஒரு நிபந்தனை விதித்தார்கள். "நம் ஊரில் விளைவதில் செய்யக்கூடிய பொருளாக இருக்கட்டும். அப்போதுதான் நீங்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க ஊரில் ஆள் இருக்கும்."

வெற்றிலை, வாழை, தென்னை, கோரை, கரும்பு என்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பயிர்களை எழுதிப் பார்த்தோம். இறுதியில் வெல்லத்தில் வந்து நின்றோம். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையை எங்களில் பாதிப்பேர் அறிவோம். அங்கே உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் முப்பது கிலோ சிப்பங்களாக ஏலம் போகும். ஆனால் வீட்டிலோ வெல்லத்தால் ஒரு தொல்லை உண்டு. காலை அவசரத்தில் உருண்டையை உடைக்கக் கல் வேண்டும். உடைத்தால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு தூளாகவும் போகும். ஒரு டம்ளர் தேநீர் தித்திக்கும், அடுத்தது சப்பென்றிருக்கும்.

ஆகவே எங்கள் பொருள் இதுதான்: பத்துக் கிராம் எடையில், ஒரு டம்ளர் தேநீருக்கு அளவாக வார்த்த சிறு வெல்லக் கட்டி. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் சுற்றியது. ஓர் அட்டைப் பெட்டியில் இருபத்தைந்து கட்டிகள். பெயர் "ஒற்றைக் கட்டி".

முதல் சுவரொட்டி அரை மணி நேரத்தில் தயாராயிற்று. எங்களுக்கு அதில் பெருமை சொல்லி முடியாது. தலைப்பு மோனையில் முழங்கியது: "கலப்படமற்ற கரும்புச் சாற்றின் களிப்பூட்டும் கற்கண்டுச் சுவை!" அதன் கீழே நான்கு வரிகள். "நூறு விழுக்காடு தூய்மையானது. எந்தப் பொருளும் சேர்க்கப்படவில்லை. இரத்தசோகையைப் போக்கும். பால் திரியாது." நடுவில் எங்கள் வகுப்பு ஓவியத் தோழி வரைந்த கட்டி, தங்கக்காசு போல மஞ்சளாக மின்னியது.

அந்த நான்கு வரிகளும் அந்த ஒரு படமும் எங்களை என்ன பாடு படுத்தின என்பதே இக்கட்டுரையின் மீதிப் பகுதி.

"யார் நிரூபிப்பார்?"

சிஸ்டர் தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே "யார் நிரூபிப்பார்?" என்று எழுதினார்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே நாங்கள் விடை எழுத வேண்டும். எழுத முடியாத வரி வெளியே போக வேண்டும்.

இரத்தசோகை வரி முதலில் போயிற்று. வெல்லத்தில் இரும்புச்சத்து சிறிது உண்டு. ஆனால் "சிறிது உண்டு" என்பதற்கும் "நோயைப் போக்கும்" என்பதற்கும் இடையே ஒரு மருத்துவமனையே இருக்கிறது. உணவுப் பொருள் ஒன்று நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன என்று சிஸ்டர் சொன்னார்கள். அந்த வரியை நம்பி ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டு நம் கட்டியைத் தின்றால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். எங்களில் ஒருத்தியின் அக்காள் அப்போது கர்ப்பவதியாக இருந்து இரும்புச்சத்து மாத்திரை உண்டு வந்தார். அவள்தான் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தாள்.

பால் திரியாது என்ற வரிக்கு, "வீட்டில் செய்து பாருங்கள்" என்று விடை வந்தது. மறுநாள் காலை ஐந்து வீடுகளில் செய்து பார்த்தோம். அடுப்பில் கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டபோது இரண்டு வீடுகளில் பால் திரிந்துபோயிற்று. வெல்லத்தில் சிறிது புளிப்புத்தன்மையும் உப்புகளும் உண்டு. பால் சற்றுப் பழையதாகவும் சூடாகவும் இருந்தால் அவை பாலைத் திரிக்கப் போதும். அடுத்த நாள் பாலை அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி அடங்கியபின் போட்டோம். ஐந்து வீட்டிலும் திரியவில்லை. ஆயினும் ஐந்து வீடு செய்து பார்த்ததை வைத்து ஊருக்கெல்லாம் உறுதி தர முடியுமா? முடியாது. "பால் திரியாது" என்பது வாக்குறுதி. "பாலை இறக்கிய பின் போடுக" என்பது வழி சொல்லுதல். இரண்டாவதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். அதற்குச் சிஸ்டர் அமெரிக்காவின் ஒரு பழைய விளம்பரத்தைச் சொன்னார்கள். 1960இல் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நிறுவனம் வோல்க்ஸ்வாகன் காருக்காக எழுதியது. காரின் பெரிய படம். கீழே ஒரே சொல் தலைப்பு. அந்தச் சொல்லுக்குப் பொருள் "உருப்படாத வண்டி" என்பது! ஏன் என்று படிக்கத் தொடங்கினால், அந்தக் காரின் உள்ளே ஒரு சிறு பட்டையில் கறை இருந்ததால் பரிசோதகர் அதை விற்பனைக்கு அனுப்பாமல் தள்ளிவிட்டார் என்று எழுதியிருக்கும். குறையைத் தானே சொல்கிறவனிடம் மற்றவற்றையும் நம்பலாம் என்று படிப்பவர் எண்ணுவார். இதுவும் ஓர் உத்திதான். ஆனால் குறை மெய்யாக இருந்தால்தான் இது பலிக்கும்.

மஞ்சள் நிறம்

மீதி இரண்டு வரிகளையும் படத்தையும் பற்றி எங்களால் விடை எழுத முடியவில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் நடத்தும் வெல்ல ஆலைக்குச் சிஸ்டருடன் சென்றோம். கரும்பு பிழியும் இயந்திரம் ஒருபுறம். சக்கை காயும் களம் ஒருபுறம். நடுவே கொட்டகையில் பெரிய கொப்பரை. சக்கையையே எரித்துச் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். சாறு சூடேறும்போது சுண்ணாம்பு நீர் சிறிதளவு விடுகிறார்கள். அழுக்கெல்லாம் நுரையாய்த் திரண்டு மேலே வர, அதை அரித்து எடுத்து விடுகிறார்கள். பிறகு மணிக்கணக்கில் கொதித்துப் பாகு பதத்திற்கு வருகிறது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, கையில் உருட்டிப் பதம் பார்க்கிறார்கள். பத்துக் கிலோ கரும்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும் என்று அறிந்தோம்.

எங்கள் சுவரொட்டியை விரித்துக் காட்டினோம். தோழியின் தந்தையார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏங் கண்ணு, எந்தப் பொருளும் சேக்கலைன்னு எழுதியிருக்கறீங்க. இப்பத்தானே சுண்ணாம்பு ஊத்தினதப் பாத்தீங்க?"

எங்களுக்கு நாணமாய்ப் போயிற்று. சுண்ணாம்பு காலங்காலமாகச் சேர்ப்பது, அதில் தவறில்லை. ஆயினும் "எந்தப் பொருளும்" என்று எழுதினால் அது பொய். "நூறு விழுக்காடு தூய்மை" என்பதும் அவ்வாறே: எதிலிருந்து தூய்மை, யார் அளந்தார் என்று கேட்டால் விடையில்லை.

அடுத்து அவர் விரல் படத்தின்மேல் நின்றது. "சிஸ்டருங்க, இந்த நெறந்தானுங்க எங்களுக்கு வம்பே. இந்த மாதிரி மஞ்சளா இருந்தாத்தான் ஏலத்துல ஒசந்த வெலை போகுது. கறுத்திருந்தா தள்ளி வெச்சுப்போட்டுப் போயிடறாங்க. அதுக்குத்தான் சில பேரு ஹைட்ரோஸப் போடறாங்க, சீனியக் கலக்கறாங்க. வாங்கறவங்க கண்ணு மஞ்சளுக்குப் பழகிப் போச்சுங்க. யாரு பழக்கினாங்க? இப்படிப் படம் போட்டுப் போட்டுத்தானுங்க!"

ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்ற வெளுக்கும் இரசாயனம். சாற்றின் இயல்பான பழுப்பை நீக்கி மஞ்சளாக்கும். ஆனால் இருப்பு வைத்தால் அந்தப் பளபளப்பு மெல்ல மங்கும். இத்தகைய கலப்படத்தைத் தடுக்க உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வெல்ல ஆலைகளில் சோதனை நடத்துவதை நாளிதழ்களில் நாங்களும் பார்த்ததுண்டு. ஆனால் அதற்கும் ஒரு சுவரொட்டிக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை. எங்கள் ஓவியத் தோழி கெடுதல் எண்ணி மஞ்சள் பூசவில்லை. அழகாக இருக்கும் என்று பூசினாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம், "நல்ல வெல்லம் என்றால் இந்த நிறம்" என்று வாயில்லாமல் சொல்லிவிட்டது. வரிகளை ஒவ்வொன்றாய் நிறுத்திக் கேள்வி கேட்ட நாங்கள், படத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டிருந்தோம்.

திரும்பி வரும் வழியில் ஒருத்தி, "அப்படியானால் கறுப்பாகவே வரைந்து, கறுத்த வெல்லமே தூய வெல்லம் என்று எழுதிவிடுவோம்" என்றாள். நல்ல யோசனை என்று எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் தோழி தன் தந்தையாரிடம் கேட்டு வந்து அதையும் உடைத்தாள். பாகு அடிப்பிடித்தாலும் வெல்லம் கறுக்கும். உப்புத் தண்ணீர் பாய்ந்த வயல் கரும்பாலும் கறுக்கும். கரும்பின் இனத்தைப் பொறுத்தும் நிறம் மாறும். ஆகவே கறுப்பு என்பது தூய்மைக்குச் சான்று அன்று. மஞ்சள் என்ற ஒரு பொய்ச் சான்றை எடுத்துவிட்டுக் கறுப்பு என்ற இன்னொரு பொய்ச் சான்றை வைக்கப் பார்த்தோம். எங்களால் சொல்லக்கூடியது ஒன்றே: "நிறம் பழுப்பு. ஹைட்ரோஸ் சேர்க்கவில்லை." முதல் வாக்கியத்தைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதை ஆய்வகத்தில் சோதிக்கலாம். இரண்டையும் "ஆகையால்" போட்டு இணைக்காமல் விட்டோம்.

விலையை எப்படிச் சொல்வது?

லலிதாஜி சொல்லாமல் விட்ட எண் எங்களையும் பிடித்தது. வெல்லம் கிலோ அறுபது ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டோம். இருநூற்றைம்பது கிராமுக்குப் பதினைந்து ரூபாய் ஆகும். வார்ப்பதற்கும் சுற்றுவதற்கும் பெட்டிக்கும் கூலி சேர்த்தால் எங்கள் பெட்டி முப்பது ரூபாய். அதாவது இரண்டு மடங்கு!

இதை மறைக்க ஒரு வழி உடனே தோன்றியது. பெட்டி விலையைச் சொல்லாமல், "ஒரு டம்ளருக்கு ரூ.1.20 மட்டுமே" என்று போட்டுவிட்டால் சிறிதாகத் தெரியும். தவணைக் கடைகள் எல்லாம் செய்வது இதுதான். அது பொய்யா என்று வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சிஸ்டர் எடுத்துச் சொன்னார்கள். பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது மட்டுமன்று, முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அச்சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமே. அதற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆகவே இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அருகருகே போடுவது என்று முடிவாயிற்று. ரூ.1.20 என்பது வாங்குபவர் மனத்தில் கணக்குப் போட உதவட்டும், ரூ.30 என்பது கைப்பையைத் திறக்கும்முன் தெரியட்டும்.

எழுத்தும் இடமும்

இனித் தாளில் எழுத வேண்டும். எங்கள் வரைபட அட்டை இருபத்திரண்டு அங்குல அகலம், இருபத்தெட்டு அங்குல உயரம். பத்தடி தூரத்திலிருந்து எளிதாய்ப் படிக்க ஓர் அங்குல உயர எழுத்து வேண்டும் என்பது பலகை எழுதுவோர் கைக்கணக்கு. கண்காட்சி நடக்கும் தாழ்வாரத்தில் இருபதடி தூரத்தில் ஆட்கள் வருவார்கள். ஆகவே தலைப்பு எழுத்து இரண்டு அங்குலம். அவ்வளவு பெரிதாய் எழுதினால் ஒரு வரியில் எட்டுக் குறிகளுக்கு மேல் அடங்காது. நம் தமிழில் கொம்பும் காலும் தனி இடம் கேட்கின்றன. "தே" என்பது ஓரெழுத்தானாலும் இரண்டு இடம் எடுக்கும். எங்கள் மோனைத் தலைப்பை இந்த அளவில் எழுதினால் தாள் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். மோனை காதுக்கு விருந்து. வானொலியில் சொன்னால் நிற்கும். நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு நான்கு நீண்ட சொற்களைப் படிக்க நேரமில்லை.

ஆகவே முதலில் ஆளை முடிவு செய்தோம். காலை ஆறரை மணிக்கு ஐந்து டம்ளர் தேநீர் போட்டுவிட்டு வேலைக்குப் புறப்பட வேண்டிய தாயார். அவருக்கு அந்த நேரத்தில் என்ன தொல்லை? வெல்லம் உடைக்கும் கல்லைக் காணோம்! அதுவே தலைப்பாயிற்று: "கல்லைத் தேடாதீர்!" இரண்டு சொல், இரண்டு வரி. எந்தக் கல், ஏன் என்று தலைப்பில் சொல்லவில்லை. கீழே படம் சொல்லும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வைத்தோம். எட்டாம் வகுப்புத் தங்கைமார் சிலரை ஒவ்வொருவராக அழைத்து, ஐந்து எண்ணும் வரை சுவரொட்டியைக் காட்டிவிட்டுத் திருப்பி வைத்தோம். "என்ன விற்கிறார்கள்? யாருக்கு?" என்று கேட்டோம். முதற்சுற்றில் பெரும்பாலோர் "சாக்லேட்" என்றார்கள்! தாளில் சுற்றிய பழுப்புக் கட்டி அப்படித்தான் தெரிந்தது. குறை எழுத்தில் இல்லை, படத்தில். பக்கத்தில் ஆவி பறக்கும் டம்ளரையும், ஓர் ஓரத்தில் பாதி உடைந்த வெல்ல உருண்டையையும் வரைந்து சேர்த்தோம். இரண்டாம் சுற்றுக்கு வேறு பிள்ளைகளை அழைத்தோம், முன்பு பார்த்தவர்களுக்கு விடை தெரியுமாதலால். இம்முறை "வெல்லம், டீக்கு" என்று விடை வந்தது.

முடிவில் எங்கள் சுவரொட்டி இவ்வாறு அமைந்தது:

கல்லைத்
தேடாதீர்!

(படம்: பழுப்பு நிறக் கட்டி ஒன்று, ஆவி பறக்கும் டம்ளர், உடைந்த வெல்ல உருண்டை)

ஒற்றைக் கட்டி வெல்லம்
ஒரு டம்ளருக்கு ஒரு கட்டி

நிறம் பழுப்பு. ஹைட்ரோஸ் சேர்க்கவில்லை.
சாறு தெளியச் சுண்ணாம்பு சேர்த்தது.
பாலை இறக்கிய பின் போடுக.

25 கட்டிகள், 250 கிராம், ரூ.30. ஒரு டம்ளருக்கு ரூ.1.20.

(மாணவியர் கற்பனைப் பொருள், விற்பனைக்கு அன்று.)

முதல் சுவரொட்டியோடு ஒப்பிட்டால் இதில் புகழ்மொழி ஒன்றுகூட இல்லை. இனிமை, தூய்மை, தரம் என்ற சொற்கள் எங்கே போயின என்று தேட வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நேரே "யார் நிரூபிப்பார்?" என்ற பகுதியில் ஒரு விடை இருக்கிறது. தராசு, ஆய்வகம், ஆலைக்காரர், அடுப்படி.

கண்காட்சி நாளில்

கண்காட்சியில் இரண்டு சுவரொட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். வந்தவர்களுள் பலர் முதலில் மஞ்சள் படத்தருகேதான் போனார்கள். இதை மறைக்காமல் எழுதுகிறோம். பொய் அழகாகத்தான் இருந்தது. சிலர் பழுப்புப் படத்தைப் பார்த்து, "ஏம்மா, பழைய வெல்லமா?" என்றும் கேட்டார்கள். ஒருமுறை பார்த்துக் கண் மாறிவிடாது என்று அப்போது புரிந்தது.

பிற்பகலில் ஒரு தாயார் வந்தார். கையில் குழந்தை. இரண்டாவது சுவரொட்டியின்முன் நின்று மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தார். கீழ்வரிக்கு வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, பாலை எறக்கின பொறவுதான் போடோணுமா? நாங்க வெல்லம் போட்டாப் பால் திரிஞ்சு போகுதுன்னுட்டுத்தான் சீனிக்கு மாறினோம்" என்றார்.

"ஆமாங்க அம்மா, ஆவி அடங்கினதுக்கப்புறம் போட்டுப் பாருங்க. நாங்க அஞ்சு வீட்ல செஞ்சு பாத்தோம்" என்றோம்.

"இது எந்தக் கடையில கெடைக்குது?"

அடைப்புக்குறிக்குள் இருந்த கடைசி வரியைக் காட்டி, இப்படி ஒரு பொருளே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டு, "செரி, உருண்டையவே ஒடச்சுக்கறேன். நெறம் பழுப்பாயிருந்தாத் தப்பில்லைங்கறீங்க" என்று கூறிப் போனார். நாங்கள் விற்காத பொருளை அவர் வாங்கவில்லை. ஆனால் அவர் எடுத்துச் சென்ற இரண்டு செய்திகளும் மெய்யானவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் இறங்கியபோது அந்த மூட்டுவலி எண்ணெய்ச் சுவரொட்டியின்முன் எங்கள் கால்கள் தாமே நின்றன. "ஏழே நாளில் பூரண குணம்" என்று எழுதியிருந்தது. ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். இருவரும் ஒரே குரலில் கேட்டோம்: "யார் நிரூபிப்பார்?"